கவிதாவுக்கு, கிட் ஆர்டர் விஷயமா

அன்புள்ள கவிதா,

உன் மெயில் பாத்தேன், அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு படிச்சதும்தான் நிம்மதியா இருந்துச்சு, சொட்டு மருந்த மட்டும் நேரம் தவறாம போட்டு விடுடி. இங்க எல்லாரும் சௌக்கியம். பெரியவன் பத்தாவது பரீட்சை எழுதிட்டு வீட்டுல ராஜா மாதிரி படுத்துக் கெடக்கான், ஒரு வார்த்த சொல்ல முடியல.

சரி, நீ கேட்ட ஆர்டுயினோ வொர்க்‌ஷாப் கணக்குக்கு வரேன். ஷீட்ல 33 பேர் இருக்கு, லேட்டா வர்றவங்களுக்கு 20 சதவீதம் சேத்து 40 கிட் போட்டுடலாமான்னு கேட்டிருக்க. அப்படியே போட்டுடாத. 20 சதவீதம் தப்பில்ல, நீ அத எது மேல சேக்குறங்கறதுதான் தப்பு. அந்த 33-ஐ போன் நம்பர் வாரியா சார்ட் பண்ணிப் பாத்தேன், ரெண்டு பசங்களுக்கு அப்பா ஒரு தடவ அம்மா ஒரு தடவன்னு ஃபார்ம் நிரப்பியிருக்காங்க, ஆக 31 பேர்தான். ஆனா ஒரே நம்பர் வந்தாலே டூப்ளிகேட்டுன்னு அழிச்சிடாத, கடைசில இருக்குற ரெண்டு பேர் அக்கா தம்பி, பேர் வேற நம்பர் ஒண்ணு, அவங்களுக்கு ரெண்டு கிட்டும் வேணும்.

இந்த 31-ல பணம் கட்டுனது 24 பேர். ஆர்டருக்கு அடிப்படை இந்த நம்பர்தான். மிச்சம் 7 பேர் "கட்டிடறேன் மேடம்"ங்கிற ரகம், அவங்கள தனியா கூட்டவே கூடாது, ஏன்னா லேட்டா வரப்போறவங்கள்ல பாதிப்பேர் அவங்கதான். அவங்கள இப்பவும் எண்ணி, அப்புறம் லேட் ஆளுங்கன்னு சதவீதமாவும் சேத்தா ஒரே ஆள ரெண்டு தடவ எண்ணுன மாதிரி ஆயிடும், உன் 40 அப்படி வந்ததுதான்.

சதவீதத்த உன் பழைய பேட்ச்லேர்ந்தே எடுக்கலாம். ஆர்டர் போட்ட அன்னிக்கி எத்தன பேர் பணம் கட்டியிருந்தாங்க, கடைசில எத்தன கிட் கைமாறுச்சு, இந்த ரெண்டு நம்பர் போதும். டிசம்பர் பேட்ச்ல 20 பேர் 24 ஆனாங்க, போன கோடைல 25 பேர் 29. அதாவது 1.2 மடங்கு, 1.16 மடங்கு. ரெண்டு பேட்ச வச்சு சராசரி பாக்குறதுல அர்த்தமில்ல, பெருசு எதுவோ அத எடு.

```
=ROUNDUP(24*1.2,0)
```

29 வரும். பணம் கட்டிட்டு வராதவங்க ஒருத்தர் ரெண்டு பேர் இருப்பாங்களேன்னு அதுல கழிக்காத, காசு குடுத்தவங்க அடுத்த வாரம் வந்து என் கிட் எங்கன்னு கேப்பாங்க, கேக்கவும் செய்யணும். இலவச வொர்க்‌ஷாப்னா கத வேற, அதுல பேர் குடுத்துட்டு வராம போறவங்கதான் ஜாஸ்தி, அதனால அங்க கிட் எதையும் வீட்டுக்குக் குடுக்காம திருப்பி வாங்கி வைக்கிறதுதான் சரி.

இந்த 29 தலைக்கணக்கு. இதுக்கு மேல ரிப்பேர் கணக்கு ஒண்ணு இருக்கு, ரெண்டையும் போட்டுக் குழப்பாத. ரிப்பேர் கணக்கு ஒவ்வொரு பொருளுக்கும் வேற வேற. ஊனோ போர்டுதான் கிட்ல வெல கூட, அதுல 2 எக்ஸ்ட்ரா போதும், ஆக 31. அல்ட்ராசோனிக் சென்சார்ல ஒண்ணு ரெண்டு வேல செய்யாம வரும், பசங்க ப்ளஸ் மைனஸ் மாத்திக் குடுத்து இன்னும் ரெண்ட காலி பண்ணுவாங்க, அதனால 33 வாங்கு. எல்இடியெல்லாம் ரெசிஸ்டர் போடாம நேரா 5 வோல்ட்ல சொருகிப் பாக்காத பையனே கிடையாது. ஆனா அது 100 பாக்கெட்டாத்தான் வரும், ஒரு ஆளுக்கு செவப்பு 5, பச்சை 5ன்னா நெறத்துக்கு 145, ரெண்டு ரெண்டு பாக்கெட் வாங்கினாலே ஒவ்வொண்ணுலயும் 55 மிச்சம். அங்க தனியா சதவீதம் எதுவும் சேக்க வேண்டாம். ஜம்பர் ஒயர் 40 இழை பட்டையா வருது, ஆளுக்கு 20 இழைன்னா 29 பேருக்கு 15 பட்டை, 17 வாங்கிடு, அது எப்பவும் காணாமப் போற சாமான்.

போர்டு எல்லாத்தையும் மொத ஆர்டர்லயே, ஒரே கடைலேர்ந்து வாங்கிடு, "இப்ப 24 வாங்குவோம், கூட வந்தா அப்புறம் ரிச்சி ஸ்ட்ரீட்ல எடுத்துக்கலாம்"னு நெனைக்காத. கடைக்குக் கட யுஎஸ்பி சிப் மாறும். ஒண்ணுல CH340 இருக்கும், ஒண்ணுல ATmega16U2. ரெண்டும் நல்ல போர்டுதான், ஆனா லேப்ல ஒரு சிப்புக்கு மட்டும் டிரைவர் போட்டு வச்சிருந்தா லேட்டா வந்த பசங்களோட போர்ட மட்டும் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்காது, ஸ்கூல் கம்ப்யூட்டர் அட்மின் பாஸ்வேர்டு வச்சிருக்குற சார் சனிக்கிழம லீவு, அவ்ளோதான்.

சாமான் வந்த அன்னிக்கே ஒவ்வொரு போர்டையும் செக் பண்ணு. லைட் மினுக்குதுன்னு ஓகே சொல்லிடாத, புது போர்டுல பிளிங்க் புரோகிராம் ஏற்கனவே ஏத்தித்தான் பெரும்பாலும் வரும், அது மினுக்கறத வச்சு நம்ம கம்ப்யூட்டர்லேர்ந்து ஏத்த முடியுமான்னு தெரியாது. பிளிங்க்ல ரெண்டு `delay(1000)`ஐயும் `delay(100)`னு மாத்தி ஏத்து, வேகமா மினுக்குனாத்தான் அது நல்ல போர்டு. கெட்டத மாத்திக் குடுப்பாங்களா, எத்தன நாளுக்குள்ளன்னு ஆர்டர் போடறப்பவே கடைல கேட்டு வச்சிக்கோ.

பேக் பண்றப்ப 24 மட்டும் பை போடு, பேர் எழுதி. மிச்சத்த பிரிச்சே வச்சிரு, ஒரு டப்பால எல்இடி, ஒண்ணுல பட்டன், ஒண்ணுல எல்டிஆர்னு. முழு கிட்டா கட்டி வச்சா என்ன ஆகும்னா, "மிஸ் எனக்கு பட்டன் இல்ல"ன்னு ஒருத்தன் வருவான், வாலன்டியர் ஒரு எக்ஸ்ட்ரா கிட்ட பிரிச்சுக் குடுப்பா, அடுத்தவனுக்கு இன்னொண்ணு, மத்தியானத்துக்குள்ள அஞ்சு எக்ஸ்ட்ரா கிட்டும் அரகொறயா நிக்கும், நெஜமாவே லேட்டா வந்த பொண்ணுக்குக் குடுக்க முழுசா ஒண்ணு இருக்காது.

ஆர்டர் போன நிமிஷத்துலேர்ந்து ஃபார்ம்ல 5 சீட்தான்னு வச்சிக்கோ, அந்த 2 ரிப்பேர் போர்ட தொடக் கூடாது. அஞ்சும் முடிஞ்சா ஃபார்ம மூடிட்டு அடுத்த பேட்ச் லிஸ்ட்ல போடு. உன்னால முடியாது, யாராவது ஃபோன்ல கெஞ்சுனா சேத்துப்பன்னு எனக்குத் தெரியும், அப்படி சேத்தா இன்னொரு பிள்ளையோட உக்கார வச்சு கிட் வீட்டுக்குக் கெடைக்காதுன்னு மொதல்லயே சொல்லி ஃபீஸ கொறச்சிடு.

மிஞ்சுற போர்டு ஆகஸ்ட் பேட்ச்சுக்கு ஆகும், கெட்டுப் போகாது. தேதி போட்ட சர்டிபிகேட்தான் வேஸ்ட், அத பேர் தேதி இல்லாம அடிச்சு கைல எழுதிக்கோ. டி ஷர்ட் ஐடியாவ தயவுசெஞ்சு விட்டுடு, சைஸ் வாரியா எக்ஸ்ட்ரா எடுத்தா எந்த சைஸ் மிஞ்சும்னு கடவுளுக்கே தெரியாது.

புதன்கிழமக்குள்ள ஆர்டர் போயிட்டா கூரியருக்கும் செக் பண்றதுக்கும் டைம் சரியா இருக்கும். செவ்வாய் ராத்திரி பணம் கட்டுனவங்கள இன்னொரு தடவ எண்ணிட்டு கூப்பிடு, 24 மாறியிருந்தா மத்ததெல்லாம் சேந்து மாறும். ஒம்பதுக்கு மேல கூப்பிடு, அதுக்கு முன்னாடி மாமியார் சீரியல், டிவி சத்தத்துல ஒண்ணும் கேக்காது.

அம்மாவ விசாரிச்சேன்னு சொல்லு.

உன்
மாலதி