ராமநாதபுரம் கடலோரப் பயிற்சி மைய நிர்வாகிகளுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். தொண்டி முதல் ராமேசுவரம் வரை பேருந்து நிலையங்களின் அருகே நீங்கள் கட்டியுள்ள ஃபிளெக்ஸ் பலகைகளில், டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் 'எங்கள் மாணவர்கள் இத்தனை பேர் தேர்ச்சி' என்ற வரிதான் பெரிய எழுத்தில் இருக்கிறது. அந்த வரியை வெளியிடுமுன் எப்படிச் சரிபார்க்க வேண்டும் என்பது பற்றியே இம்மடல். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளியின் வீட்டில் வருமானம் நின்றுவிடும். அப்போதும் நகையை அடகு வைத்துப் பிள்ளைக்குக் கட்டணம் கட்டுபவர்கள் நம்புவது அந்த எண்ணைத்தான்.

கணக்கு எங்கே பிசகுகிறது என்பதைக் காட்ட ஒரு கற்பனை விளம்பரத்தை எடுத்துக்கொள்கிறேன். பலகையில் '184 பேர் தேர்ச்சி' என்றிருக்கிறது. பெயர்ப் பட்டியலைப் பதிவெண்ணோடு அடுக்கினால், இளநிலை உதவியாளர், தட்டச்சர் என இரு இடங்களில் எண்ணப்பட்டவர்களாக 12 பெயர்கள் கழிகின்றன, மீதி 172. அவர்களில் 58 பேர் சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைக்கப்பட்டதோடு நின்றவர்கள். காலியிடங்களைவிடக் கூடுதலானோரைச் சரிபார்ப்புக்கு அழைப்பது தேர்வாணையத்தின் வழக்கம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கலந்தாய்வில் பணியிடம் ஒதுக்கப்பட்டவரையே தேர்வு பெற்றவர் என்று சொல்ல வேண்டும். அப்படிப் பார்த்தால் 114 பேர். அதிலும் 69 பேர் உங்கள் மாதிரித் தேர்வுகளை மட்டும் எழுதியவர்கள். வகுப்பில் அமர்ந்து படித்தவர்கள் 45 பேர்.

மாதிரித் தேர்வு எழுதியவருக்கு உங்களால் பயனில்லை என்று நான் சொல்லவில்லை. அவர்களைத் தனியாக ஒரு வரியில் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் பலகையைப் பார்த்து வருபவரிடம் ஓராண்டு வகுப்புக்கான கட்டணத்தை வாங்கிக்கொண்டு, மாதிரித் தேர்வால் வந்த வெற்றியைக் காட்டுவது முறையல்ல.

இனி, 45 என்பது எத்தனை பேரில்? பெரும்பாலான விளம்பரங்கள் மௌனமாகிவிடும் இடம் இதுதான். நமது எடுத்துக்காட்டில், அந்தத் தேர்வுக்காக இரண்டாண்டுகளில் நூறு பேர் கொண்ட ஆறு பேட்ச்கள் நடந்தன என்றால் சேர்ந்தவர்கள் 600 பேர்; நூற்றுக்கு ஏழு அல்லது எட்டுப் பேர் தேர்வு பெற்றிருக்கிறார்கள். பாதியில் நின்றவர்களை நீக்கி, கடைசி மாதம்வரை வந்த 300 பேரை மட்டும் வைத்து நூற்றுக்குப் பதினைந்து என்று காட்டுவதும் உண்டு. நின்றவர்களும் கட்டணம் கட்டியவர்கள்தாம்; ஆகவே விகிதத்தைக் கணக்கிடும்போது சேர்க்கைப் பதிவேட்டில் உள்ள எண்ணாலேயே வகுக்க வேண்டும். நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கும் மையம் அதையும் குறிப்பிட வேண்டும், ஏனெனில் வடிகட்டிச் சேர்த்த பேட்சின் விகிதத்தை எல்லோரையும் சேர்த்த பேட்சோடு ஒப்பிட முடியாது.

காலத்தைச் சொல்வதிலும் இதே நழுவல் நடக்கிறது. 2024 ஜூன் 9 அன்று நடந்த குரூப் 4 தேர்வின் முடிவு அதே ஆண்டு அக்டோபரில்தான் வந்தது. கலந்தாய்வு அதற்கும் பிறகு. 'இந்த ஆண்டு வெற்றி' என்று மட்டும் போட்டால், தேர்வு நடந்த ஆண்டா, பணி கிடைத்த ஆண்டா, மாணவர் உங்களிடம் படித்த ஆண்டா என்று யாராலும் சொல்ல முடியாது. முந்தைய தேர்வின் பெயர்களைப் புதிய பலகையில் சேர்ப்பதற்கும் அது வழிவிடுகிறது. தேர்வாணையத்தின் அறிவிக்கை எண்ணையும் மாணவர் சேர்ந்த மாதத்தையும் போட்டுவிட்டால் இந்தக் குழப்பம் எழாது.

இவற்றில் பல என் சொந்த விருப்பங்கள் அல்ல. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வெளியிட்ட பயிற்சித் துறை விளம்பர வழிகாட்டுதல்கள், தேர்வானவரின் படத்தோடு அவர் பெற்ற தரவரிசை, படித்த பாடத்திட்டம், அதன் காலம், கட்டணம் செலுத்திப் படித்தாரா என்பவற்றைக் குறிப்பிடச் சொல்கின்றன. தேர்வான பிறகு எழுத்துப்பூர்வ ஒப்புதல் பெறாமல் பெயரையோ படத்தையோ பயன்படுத்தக் கூடாது. சேரும்போதே வாங்கி வைத்த கையெழுத்து அதற்குப் போதாது. பலகையின் அடியில் எறும்பெழுத்தில் போடும் குறிப்பும், மேலே உள்ள உரிமைகோரலின் எழுத்தளவில் இருக்க வேண்டும். மீறல் குறித்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் யாரும் புகார் செய்யலாம்.

எனவே, அடுத்த பலகையில், எடுத்துக்காட்டின் எண்களுக்குப் பதில் உங்கள் உண்மையான எண்களை வைத்து, இவ்வாறு அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்: 'இந்த அறிவிக்கைத் தேர்வுக்காக வகுப்பில் சேர்ந்தோர் 600; பணியிடம் பெற்றோர் 45. மாதிரித் தேர்வு மட்டும் எழுதிப் பணியிடம் பெற்றோர் 69.' அச்சுக்கு அனுப்புமுன் சேர்க்கைப் பதிவேட்டையும் கட்டண ரசீதுகளையும், மையத்தோடு தொடர்பில்லாத உள்ளூர் ஆசிரியர்கள் இருவர் ஒரு பிற்பகல் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்க்க அனுமதியுங்கள்.

இப்படிக்கு,
போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகளின் பெற்றோர் ஒருவர்,
மண்டபம்.