கவினுக்கு, முகத்தைப் பற்றி

அன்புள்ள கவின்,

நேற்று வீடியோ காலில் நீ கேமராவைக் கூரைப் பக்கம் திருப்பி வைத்தபோதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கடைசியில் காட்டினாயே, வாயைச் சுற்றிச் சிவந்து, கன்னம் முழுக்கத் தோல் உரிந்து. அதைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. "இந்த மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை அம்மா, தூக்கிப் போடப்போகிறேன்" என்றாய். போடாதே. மருந்து சரியானதுதான், நீ ஆரம்பித்த விதம்தான் தவறு. பட்டர்வொர்த்தில் பார்மசி கவுண்டருக்குப் பின்னால் 22 வருடம் நின்றவள் சொல்கிறேன், கேள்.

நீ சொன்னதை வைத்துப் பார்த்தால் நடந்தது இதுதான். அடாபலீன் 0.1% ஜெல்லும் பென்சாயில் பெராக்சைடு 5% ஜெல்லும் ஒரே நாளில் வாங்கினாய். அன்று இரவே இரண்டையும் தடிப்பாகப் பூசினாய். சாலிசிலிக் ஆசிட் ஃபேஸ்வாஷை வேறு காலையும் மாலையும் போட்டுத் தேய்த்தாய். 6 நாளில் முகம் வெந்துவிட்டது. எண்ணெய் வடிகிற தோலுக்கு மாய்ஸ்சரைசர் எதற்கு என்று அதையும் விட்டுவிட்டாய்.

அடாபலீன் ரெட்டினாய்டு வகை. முடிக்குழியின் உள்சுவரில் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அடைத்துப்போவதுதான் பருவின் தொடக்கம். அந்த அடைப்பு உண்டாகாமல் அது தடுக்கிறது. அதே வேலையை மேல்தோலிலும் செய்வதால் முதல் சில வாரம் தோல் மெலிந்து, ஈரம் காக்கும் சக்தி குறையும். பிறகு தோல் பழகிக்கொள்ளும். பழகுவதற்கு அது கேட்கிற அவகாசத்தை நீ கொடுக்கவில்லை. பெராக்சைடு வேறு வழியில் போகிறது. ஆக்சிஜனை வெளிவிட்டுப் பருக் கிருமியைக் கொல்கிறது, அதுவும் தோலை உலர்த்தும். இரண்டையும் ஒன்றாகப் பூசினால் ஒன்றையொன்று கெடுக்காது, இரண்டும் கலந்த ஜெல்லே கடையில் கிடைக்கிறது. ஆனால் பழகாத தோலில் இரண்டையும் ஒரே நாளில் ஆரம்பிக்கக் கூடாது.

முதலில் இரண்டையும் நிறுத்து. சாலிசிலிக் ஃபேஸ்வாஷையும் ஓரமாக வை. மணம் இல்லாத மென்மையான கிளென்சரில் நாளுக்கு இரண்டு முறை மட்டும் கழுவு. முகம் லேசாக ஈரமாக இருக்கும்போதே மாய்ஸ்சரைசர் தடவு. உரிகிற தோலை நகத்தால் கிள்ளாதே, ஸ்கிரப்பும் வேண்டாம். பச்சைத் தண்ணீர் பட்டாலும் மாய்ஸ்சரைசர் பட்டாலும் எரியவில்லை என்றால் தோல் ஆறிவிட்டது. இதற்கு ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம். நாளை எண்ணாதே, எரிச்சல் நின்றதா என்று மட்டும் பார்.

அப்புறம் அடாபலீனை மட்டும் எடு. திங்கள், வியாழன் என்று வாரத்தில் இரண்டே இரவு. முகம் கழுவித் துடைத்து, முழுதாகக் காயும்வரை கால் மணி, இருபது நிமிடம் விடு. ஈரத்தோலில் அது அதிகமாக எரிக்கும். முதலில் மாய்ஸ்சரைசர் ஒரு பூச்சு, அதன்மேல் ஒரு பட்டாணி அளவு ஜெல், பிறகு இன்னொரு பூச்சு மாய்ஸ்சரைசர். ஒரு பட்டாணி என்பது முகம் முழுக்கத்துக்கும் சேர்த்து. பருவின் தலையில் மட்டும் வைக்கிற மருந்து இல்லை இது, நாளை வரப்போகிற பருவைத் தடுக்கிறது. அதனால் நெற்றி, கன்னம், தாடை எல்லாவற்றிலும் மெல்லியதாகப் பரவ வேண்டும். கண் ஓரம், மூக்கின் மடிப்பு, உதட்டின் முனை வேண்டாம். உனக்கு வாயைச் சுற்றி வெந்ததே அங்கே ஜெல் தேங்கியதால்தான். அந்த மூலைகளில் முன்கூட்டியே கொஞ்சம் வாசலின் தொட்டு வை.

இரண்டு வாரம் தாங்கினால் ஒரு நாள் விட்டு ஒரு நாள். அதுவும் இரண்டு வாரம் தாங்கினால் தினமும். ஏதாவது ஒரு கட்டத்தில் எரிய ஆரம்பித்தால் பழைய கட்டத்துக்கே திரும்பிப் போ, வெட்கப்பட ஒன்றுமில்லை. லேசான உரிதலும் இறுக்கமும் வரத்தான் செய்யும். அரிப்பெடுத்து, கண்ணிமை வீங்கி, பொடிப்பொடியாகக் கொப்புளம் வந்தால் மட்டும் அது ஒவ்வாமை. உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போ.

தினமும் பூசுவது பழகிய பிறகுதான் பெராக்சைடு, அதுவும் காலையில். உன்னிடம் இருக்கும் 5% போதும், 10% வாங்கப் போகாதே. 2.5 சதவிகிதமே ஏறக்குறைய அதே பலன் தரும், எரிச்சல்தான் குறையும். முதல் வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பூசி, 5 நிமிடத்தில் கழுவிவிடு. ட்யூப்பை மோட்டார் சைக்கிள் பெட்டியில் போட்டு வெயிலில் நிறுத்தாதே, சூட்டில் அந்த மருந்து சிதையும்.

முதல் மாதத்தில் பரு கூடுவதுபோலவும் தெரியலாம். உள்ளே ஏற்கனவே உருவாகிக்கொண்டிருந்தவை மேலே வருகின்றன. பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். ட்யூப்பைத் திருப்பிக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்த எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் தாடையில் ஆழமாக, கட்டியாக, தொட்டால் வலிக்கிற பரு வந்தாலோ, குழித்தழும்பு விழுந்தாலோ 12 வாரம் காத்திருக்காதே. தோல் டாக்டரைப் பார்.

இப்போது வெயில். நம் நிறத் தோலில் பருவைவிட அது விட்டுப்போகும் கரும்புள்ளிதான் நீண்ட நாள் நிற்கும். மருந்தால் வெந்த இடமும் அப்படித்தான் கறுக்கும், வெயில் அதை இன்னும் ஆழமாக்கும். ரெட்டினாய்டு போடும் தோல் சீக்கிரம் சுடும். நீ மத்தியானம் 1 மணிக்குச் சாப்பிட நடந்து போகிறாய் அல்லவா? கோலாலம்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு இல்லை, ஏறக்குறைய 1 மணிக்குத்தான். சரியாக உச்சி வெயிலில் நடக்கிறாய். குடை பிடி, இல்லையென்றால் கடைகளுக்கு முன்னால் இருக்கும் ஐந்தடி நடைபாதை வழியாகவே போ. SPF 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன், ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாகப் பிழிந்தால் வருகிற அளவு, முகத்துக்கும் கழுத்துக்கும். காலையில் போட்டது மத்தியானம்வரை நிற்காது, சாப்பிடப் போகுமுன் மறுபடி பூசு. நிறம் கலந்த சன்ஸ்கிரீன் கிடைத்தால் அதையே வாங்கு. அதிலுள்ள இரும்பு ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கும், கரும்புள்ளிக்கு அதுதான் நல்லது. மோட்டாரில் போகும்போது ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிடு. தாடையில் உரசுகிற வாரை வாரம் ஒருமுறை துவை.

தோல் உரியும் நாளில் ஷேவ் பண்ணாதே, ட்ரிம்மர் போதும்.

தைப்பூசத்துக்கு இன்னும் 11 வாரம் இருக்கிறது. தண்ணீர்மலைக்கு வரும்போது அந்தச் சன்ஸ்கிரீனையும் மறக்காமல் எடுத்து வா. இந்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா கோலாலம்பூருக்கு வருகிறார். அவரிடம் இரண்டு வெள்ளைத் துண்டும் நான்கு வெள்ளைத் தலையணை உறையும் கொடுத்து அனுப்புகிறேன். பெராக்சைடு பட்டால் நிறத்துணி வெளுத்துப்போகும். பாட்டி தைத்துக் கொடுத்த அந்த நீலப் போர்வையை மடித்து அலமாரியில் வைத்துவிடு, கண்ணு.

அன்புடன்,
அம்மா