மகளின் முதல் சம்பளச் சீட்டு

அன்புள்ள ராஜா,

ஹட்டனில் பத்து நாளாக விடாத மழை. வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய மகளின் சம்பளச் சீட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மொத்தம் 43,150 என்று போட்டுவிட்டுக் கையில் 34,141தான் கொடுத்திருக்கிறார்கள், கடைக்காரன் ஏமாற்றுகிறான் என்று கொதித்திருந்தாயே, அப்படி இல்லை.

வரவில் அடிப்படைச் சம்பளம் 36,000, வேலைக்கு வந்ததற்கான வரவுக் கொடுப்பனவு 4,000, ஓவர்டைம் 3,150. ஓவர்டைம் சரிதானா என்று நானே போட்டுப் பார்த்தேன். 36,000ஐ 240 மணித்தியாலத்தால் பிரித்தால் மணிக்கு 150, அதில் ஒன்றரை மடங்கு 225, அவள் நின்றது 14 மணித்தியாலம்.

பிடித்ததில் பெரியது 5,000. அது தீபாவளிக்கு அவளே வாங்கிய முற்பணம், உன்னிடம் சொல்லவில்லை போலிருக்கிறது, திட்டாதே. 'நோ பே' 1,200 என்பது லீவு இல்லாமல் ஒரு நாள் வேலைக்குப் போகாததற்கு, 36,000இல் முப்பதில் ஒன்று. முத்திரைக்கு 25. வருமான வரி இல்லை, மாதம் 150,000 தாண்டினால்தான் அது.

மிச்சம் 2,784. இது ஈ.பி.எஃப், ஊழியர் சேமலாப நிதி. 'நோ பே' கழித்த அடிப்படைச் சம்பளம் 34,800, அதில் நூற்றுக்கு 8. ஓவர்டைமுக்கு இது பிடிபடாது. சீட்டின் அடியில் 4,176, 1,044 என்று இரண்டு தொகை இருக்கிறதே, நீ அதையும் வெட்டு என்று நினைத்துவிட்டாய். முதலாவது அதே நிதிக்கு முதலாளி தன் கையிலிருந்து போடும் நூற்றுக்கு 12, மற்றது ஊழியர் நம்பிக்கை நிதியான ஈ.டி.எஃப்க்கு அவர் போடும் நூற்றுக்கு 3. அவள் சம்பளத்திலிருந்து அந்த இரண்டுக்கும் ஒரு சதமும் எடுக்கக் கூடாது, எடுக்கவும் இல்லை. ஆக, 2,784 கொடுத்தவள் பேரில் ஈ.பி.எஃப்பில் மட்டும் 6,960 விழுகிறது. பெண்களுக்கு 50 வயதில் எடுக்கலாம்.

ஆனால் சீட்டில் பிடித்திருப்பது, கட்டியதற்கு அத்தாட்சி இல்லை. நான் முதலில் நின்ற கடையில் எட்டு மாதம் பிடித்தார்கள், ஒரு மாதமும் கட்டவில்லை, விலகின பிறகுதான் தெரிந்தது. கையில் சீட்டுகள் இருந்ததால் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுக்க முடிந்தது, மூன்று தரம் போய் வந்து காசு வந்து சேர்ந்தது. இவளுடைய சீட்டில் அங்கத்துவ இலக்கம் போடும் இடம் வெறுமையாக இருக்கிறது. முதல் மாதம் என்பதால் இருக்கலாம். ஒரு மாதத்துக் காசை அடுத்த மாத முடிவுக்குள் கட்ட வேண்டும், அதனால் அடுத்த சீட்டிலும் இலக்கம் வராவிட்டால் கணக்குப் பிள்ளையிடம் நேரே கேட்கச் சொல். சீட்டைக் கிழித்துப் போடாமல் ஒரு கோப்பில் வைக்கட்டும்.

நம் அப்பாமார் தோட்டத்தில் செக்ரோல் சம்பளம் எடுத்த காலத்தில் சந்தா, அரிசி, மா என்று பிடித்தது போக மிச்சத்தை எண்ணிப் பார்த்ததோடு சரி, எதற்கு எவ்வளவு என்று யார் கேட்டார்கள்? இவள் கேட்கிறாள், கேட்கட்டும்.

அப்புறம், தை பொங்கலுக்கு வருவாய்தானே? பஸ்ஸை விட்டு ரயிலில் வா.

உன்,
செல்வம்