143 என்று காட்டிய மெஷின்

அன்புள்ள மலருக்கு,

நேற்று உன்னை உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னதில் உனக்குக் கோபம். போய்ப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு கோபம் இன்னும் கூடிவிட்டது. பரவாயில்லை. பிரசவ வார்டில் இத்தனை வருஷம் நர்ஸாக இருந்தவள் ஏன் அப்படிப் பதறினாள் என்பதை போனில் சொன்னால் நீ நடுவில் குறுக்கே பேசுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பற்றி நீ அனுப்பிய செய்தியில் இருந்த வார்த்தைகள் இவை: "சாயங்காலத்திலிருந்து அசைவு கொஞ்சம் குறைவு. மெஷினை வெச்சுப் பார்த்தேன். 143. நிம்மதியா தூங்கிட்டேன்." கூடவே அந்தச் சத்தத்தையும் பதிவு செய்து அனுப்பியிருந்தாய். முதல் வாக்கியத்தை எழுதியதுமே நீ கிளம்பியிருக்க வேண்டும். இரண்டாவதும் மூன்றாவதும் உன்னைத் தூங்க வைத்துவிட்டன.

குழந்தையின் துடிப்பைக் கேட்க நீ வீட்டில் வைத்திருக்கும் அந்த டாப்ளர் மெஷின் உண்மையில் இதயத்தைக் கேட்பதில்லை. நம் காதுக்கு எட்டாத ஒலியை உள்ளே அனுப்புகிறது. அசையும் எதன்மேல் பட்டுத் திரும்பினாலும் அந்த மாற்றத்தைச் சத்தமாக்கித் தருகிறது. வயிற்றுக்குள் அசைவது குழந்தையின் இதயம் மட்டுமில்லை. உன் பெரிய ரத்தக்குழாய்களும் நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தமும் அங்கேதான் இருக்கின்றன. அவை போடும் சத்தமும் தாளத்தோடுதான் வரும். குழந்தையின் துடிப்பு நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை; உன்னுடையது சாதாரணமாக 100க்குள். ஆனால் பயத்திலோ காய்ச்சலிலோ உன் நாடியும் 115, 120 என்று ஓடும். அசைவு குறைந்துவிட்டதே என்று படபடப்போடு மெஷினை எடுப்பவளின் நாடி எப்படி ஓடும், நீயே சொல். போதாததற்கு, சில சமயம் ஒரே துடிப்பை இரண்டாக எண்ணி, தாயின் 70ஐ மெஷின் 140 என்று காட்டிவிடும். வார்டில் நாங்கள் ஒரு கையில் டாப்ளரைப் பிடித்து, மறு கையால் தாயின் மணிக்கட்டில் நாடி பார்ப்பது இரண்டும் ஒன்றா வேறா என்று தெரிந்துகொள்ளத்தான். நீயும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டால் போதும் என்று எடுத்துக்கொள்ளாதே. ஏன் என்று அடுத்துச் சொல்கிறேன்.

குழந்தையின் துடிப்பைக் கேட்க மாப்பிள்ளை போனில் இறக்கி வைத்திருக்கும் ஆப் விஷயம் இன்னும் மோசம். போனில் இருப்பது வெறும் மைக். டாப்ளர் போல ஒலியை வயிற்றுக்குள் அனுப்ப அதில் எதுவும் கிடையாது. அதில் கேட்பது உன் நாடியாகவும் இருக்கலாம், குடல் சத்தமாகவும் இருக்கலாம், போன் தோலில் உரசுவதாகவும் இருக்கலாம். அதை அழித்துவிடச் சொல்.

சரி, மெஷின் காட்டிய 143 உண்மையிலேயே குழந்தையின் துடிப்புதான் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் என் பயம் போகாது. எங்கள் வார்டுக்கு ஒரு காலை நேரத்தில் வந்த பெண்ணை இன்னும் மறக்கவில்லை. 36 வாரம், முதல் குழந்தை. முந்தின நாள் மதியத்திலிருந்தே அசைவு குறைந்திருக்கிறது. இரவில் மூன்று முறை வீட்டு மெஷினில் கேட்டிருக்கிறாள். மூன்று முறையும் 140ஐ ஒட்டியே வந்திருக்கிறது. நான் டாப்ளரை வைத்தேன், எனக்கும் 140தான். அவள் நாடி 90, ஆக அது குழந்தையின் துடிப்பேதான். அவள் மெஷின் பொய் சொல்லவில்லை.

அப்புறம் சிடிஜி போட்டோம். வயிற்றில் பட்டை கட்டி, துடிப்பைத் தாளில் கோடாக வரைகிற கருவி. நல்லபடியாக இருக்கும் குழந்தையின் கோடு சும்மா இருக்காது. துடிப்பு 5 முதல் 25 வரை ஏறி இறங்கி நெளிந்துகொண்டே இருக்கும். குழந்தை அசையும்போது இன்னும் 15 துடிப்பு மேலே தாவி, கால் நிமிடமாவது அங்கே நிற்கும். இவளுடைய கோடு அளவுகோல் வைத்துப் போட்டது போல நேராகப் போனது. தூங்கும் குழந்தையிடமும் கொஞ்ச நேரம் இப்படி இருக்கும் என்பதால் விடாமல் பார்த்தோம். முக்கால் மணி தாண்டியும் நெளிவு வரவில்லை. நடுநடுவே 90க்கு இறங்கி, மெதுவாக மேலே வந்தது. உடனே சிசேரியன். குழந்தை பிழைத்தது. ஆனால் பல நாள் தீவிர சிகிச்சையில் இருந்தது. அந்தப் பெண் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: "சத்தம் கேட்டுச்சே சிஸ்டர்?"

கேட்கத்தான் செய்யும். ஆக்சிஜன் குறைந்தால் குழந்தை முதலில் கை காலை ஆட்டுவதைக் குறைத்துக்கொள்ளும். இருக்கிற ரத்தத்தை இதயத்துக்கும் மூளைக்கும் திருப்பிவிடும். இதயம் கடைசி வரை அடித்துக்கொண்டிருக்கும். அதனால் நீ மெஷினில் கேட்பது கடைசியில் நிற்கப்போகும் ஒன்றை. அசைவோ முதலில் குறைகிற ஒன்று. அரை நிமிடம் கேட்டதில் வந்த ஓர் எண்ணிலிருந்து, கோடு நெளிகிறதா, நேராகப் போகிறதா என்று எனக்கே சொல்லத் தெரியாது. 2009இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் டாக்டர்கள் ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருந்தார்கள். 38 வாரம், அசைவு குறைந்தும் தன் டாப்ளரில் கேட்டுச் சமாதானமாகி, வரத் தாமதித்துவிட்டாள். குழந்தை இறந்து பிறந்தது.

அதனால் எண்ணை விடு, அசைவைப் பார். உன் குழந்தைக்கு எந்த நேரத்தில் ஆட்டம், எப்படிப்பட்ட ஆட்டம் என்பது இந்த 33 வாரத்தில் உனக்குத்தான் தெரியும். ஊரில் யாருக்கு எத்தனை உதை என்பது உனக்குக் கணக்கில்லை. கடைசி வாரங்களில் இடம் குறைவதால் அசைவு குறையும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே. 32 வாரம் வரை கூடி, அதன்பின் பிரசவம் வரை அதே அளவில் இருக்க வேண்டும்.

குறைந்ததா இல்லையா என்று சந்தேகமாக இருந்தால், இடது பக்கம் சாய்ந்து படு. போனைத் தள்ளி வை. வேறு எதிலும் மனம் போகாமல் கவனி. இரண்டு மணி நேரத்துக்குள் 10 அசைவு வரவில்லையென்றால் பிரசவ வார்டுக்கு போன் செய். அசைவே இல்லையென்றாலோ, குறைந்துவிட்டது என்று உனக்கு நிச்சயமாகத் தெரிந்தாலோ, அந்த இரண்டு மணி நேரமும் வேண்டாம். அப்போதே போன் செய்துவிட்டுக் கிளம்பு. விடியட்டும் என்று காத்திருக்காதே. இனிப்பு சாப்பிட்டுப் பார்க்கிறேன், குளிர்ந்த தண்ணீர் குடித்துப் பார்க்கிறேன் என்று நேரத்தைக் கடத்தாதே.

அங்கே போனதும், "அசைவு இத்தனை மணியிலிருந்து குறைந்திருக்கிறது" என்று சொல். மெஷினில் துடிப்பு கேட்டது என்று ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர்களும் கொஞ்சம் மெத்தனமாகிவிடலாம், மனுஷர்கள்தானே. டாப்ளரில் கேட்டுவிட்டு அனுப்பப் பார்த்தால், சிடிஜி போடுவீர்களா என்று கேள். தேவைப்பட்டால் ஸ்கேனில் குழந்தையின் வளர்ச்சியையும் பனிக்குட நீரையும் பார்ப்பார்கள்.

இப்படிப் போகும் 10 பேரில் 7 பேருக்கு எல்லாம் நல்லபடியாகவே முடிகிறது; உனக்கு நேற்று முடிந்தது போல. வீணாக அலைந்தோமே என்று கூச்சப்பட்டு அடுத்த தடவை போகாமல் இருந்துவிடாதே. இரண்டாவது தடவை குறைந்தால் இன்னும் சீக்கிரம் போக வேண்டும். அவர்களும் இன்னும் கவனமாகப் பார்ப்பார்கள்.

மெஷினை மாப்பிள்ளையிடம் கொடுத்துக் கண்ணில் படாத இடத்தில் வைக்கச் சொல். வார்டின் இரவு நேர நம்பரை இரண்டு பேர் போனிலும் பதிந்துவிட்டு, பதிந்தாயிற்று என்று எனக்கு ஒரு வரி அனுப்பு.

அன்புடன்,
அம்மா