ஜெயாவுக்கு, உன் இரண்டாம் அத்தியாயம் பற்றி

மண்டபம்

அன்புள்ள ஜெயா,

நலம். தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் மறுபடி கடலுக்குப் போக ஆரம்பித்துவிட்டன. தென்மேற்குக் கச்சான் காற்று விடாமல் அடிக்கிறது, துவைத்துப் போட்ட துணியில் எல்லாம் மணல். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. புதுப் பாம்பன் பாலத்தில் ரயில் போவதைப் பார்க்க இன்னும் வராத ஒரே ஆள் நீதான் என்று உன்னைத் திட்டச் சொன்னாள்.

சரி, கப்பாஃபைகஸ் கடற்பாசி பற்றிய உன் ஆய்வேட்டு அத்தியாயத்துக்கு வருகிறேன். முந்தைய ஆய்வுகளைப் பத்தி பத்தியாக எழுதியிருக்கிறாய். இவர் இந்த ஆண்டு இதைச் செய்தார், அவர் அந்த ஆண்டு அதைக் கண்டார் என்று வரிசையாகப் போகிறது. படிக்கும்போது எதுவும் தப்பாகத் தெரியவில்லை, படித்து முடித்த பிறகு எதுவும் நிற்கவும் இல்லை. உன் கைடு அட்டவணை கேட்டது இதற்காகத்தான் இருக்கும். ஆனால் கட்டுரைக்கு ஒரு வரி என்று போட்டு, முறை, முடிவு, இடைவெளி என மூன்று கட்டத்தை நிரப்பி அனுப்பிவிடாதே. அப்படிச் செய்தால் அதே பத்திகள் கோடு போட்ட பெட்டிக்குள் போய் உட்காரும், அவ்வளவுதான்.

உன் ஒரு வாக்கியத்தையே எடுத்துக்கொள்கிறேன். 'கப்பாஃபைகஸ் பாசி பவளப்பாறைகளை அழிக்கிறது' என்று எழுதி, மூன்று கட்டுரைகளை அடுக்கியிருக்கிறாய். மூன்றும் நல்ல கட்டுரைகள். அட்டவணையில் போட்டுப் பார்.

முதலாவது, 2008ல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் வந்த, மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவு பற்றிய கட்டுரை. கிளைப் பவளங்களின் மேல், உயிருள்ளது செத்தது இரண்டின் மேலும், பாசி படர்ந்து நிழலடித்து மூடுகிறது என்று அது பதிவு செய்தது. முறைக் கட்டத்தில் 'கள ஆய்வு' என்று மட்டும் எழுதினால் விஷயம் மறைந்துவிடும். அவர்கள் தந்தது பண்புசார் தரவு என்று அவர்களே சொல்கிறார்கள். ஆகவே பாசி அங்கே இருக்கிறது, இப்படித் தீங்கு செய்கிறது என்பதற்கு அது சாட்சி. மாதத்துக்கு எவ்வளவு வேகத்தில் பரவுகிறது என்பதற்கு அதைக் காட்ட முடியாது. இரண்டாவது, 2005ல் வந்த ஹவாய்க் கட்டுரை. அங்கே பரவலையும் பார்த்தார்கள், கையால் அகற்றிச் சோதனையும் செய்தார்கள். அகற்றிய இடத்தில் பாசி சீக்கிரமே திரும்ப வளர்ந்தது, கடல் முள்ளெலிகளை விட்ட இடத்தில் குறைந்தது. சோதனை உறுதியானதுதான், ஆனால் கடல் வேறு. மூன்றாவது, 2014ல் மறுபடி 'கரண்ட் சயின்ஸ்' இதழில் வந்தது. அது நம் மன்னார் வளைகுடாவில் பாசியை அகற்றியதால் என்ன ஆனது என்ற கேள்வியை எடுத்தது. அதன் முடிவை நான் சொல்லமாட்டேன். சுருக்கத்தை விட்டுவிட்டு, முடிவுகள் பகுதியிலிருந்து நீயே பக்க எண்ணோடு எடுத்து எழுது.

பார்த்தாயா, ஒரே வாக்கியத்துக்கு முட்டுக் கொடுத்த மூன்றும் மூன்று வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன. அதனால் முறைக் கட்டத்தை உடைத்துவிடு. எந்த இடம், எந்த மாதம், எதை அளந்தார்கள், எப்படி அளந்தார்கள் என்று தனித்தனிக் கட்டமாகப் போடு. ஒரே கட்டுரையில் கள அளவீடும் அகற்றும் சோதனையும் இருந்தால் அதற்கு இரண்டு வரி கொடு. கட்டுரை எண்ணைத் திரும்ப எழுதுவதில் தப்பே இல்லை. முடிவுக் கட்டத்தில் அவர்கள் கண்டதை மட்டும் எழுது. அதற்கு அவர்கள் சொல்லும் காரணம் பக்கத்துக் கட்டத்தில் இருக்கட்டும். இரண்டையும் கலந்தால், ஆசிரியரின் ஊகத்தை ஆதாரம் என்று நீ பின்னால் எடுத்துக் கையாளுவாய்.

இடைவெளிக் கட்டத்தைக் கடைசி வரை காலியாக விடு. இதுதான் கஷ்டம், கை துறுதுறுக்கும். எல்லாக் கட்டுரையின் முடிவிலும் 'மேலும் ஆய்வு தேவை' என்று ஒரு பத்தி இருக்கும், அதைப் பெயர்த்து ஒட்டிவிடுவது வழக்கம். ஆனால் அவர் தேவை என்று எழுதியதை அடுத்த வருடமே வேறொருவர் செய்திருக்கலாம். இடைவெளி ஒரு வரிக்குள் இருப்பதில்லை. எல்லா வரியும் நிரம்பிய பிறகு, ஒவ்வொரு கட்டத்தையும் மேலிருந்து கீழாகப் படித்தால்தான் தெரியும்.

மாதக் கட்டத்தை அப்படிப் படி. இந்தப் பாசி விற்பனைக்காகக் கடலில் வளர்க்கப்படுவது, உடைந்த துண்டிலிருந்தே வளர்வது. 2005 அரசாணை இதன் வளர்ப்பைப் பாக் நீரிணையின் வடக்குப் பக்கத்துக்கும் தூத்துக்குடிக்குத் தெற்கேயும் ஒதுக்கியது. படர்ந்ததாகப் பதிவானதோ பாலத்துக்குத் தெற்கே, வளைகுடாத் தீவில். பாம்பன் கால்வாய் வழியாக நீரோட்டம் கச்சான் காலத்தில் வளைகுடாவிலிருந்து பாக் நீரிணைக்குப் போகும், வடகிழக்கு வாடையில் திரும்பிவிடும். இதை இங்கே எந்தப் படகுக்காரரிடம் கேட்டாலும் சொல்வார். ஆக, வடக்கே மூங்கில் தெப்பத்தில் உடையும் துண்டு தெற்கே போவதானால் அது வாடைக்காலத்தில்தான் அதிகம் நடக்க வேண்டும். உன் கட்டுரைகளில் எத்தனை வாடைக்காலத்தில் களத்துக்குப் போனவை? கட்டம் காலியாக இருந்தால், அந்தக் காலி ஏன் முக்கியம் என்று சொல்ல உன்னிடம் காரணம் இருக்கிறது. 'எங்கள் ஊரில் யாரும் ஆராயவில்லை' என்பதில் அந்தக் காரணம் இருக்காது. வைவாவில் முதல் அடி அங்கேதான் விழும்.

காலி என்று எழுதுவதற்கு முன்னால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். நீ `Kappaphycus` என்று மட்டும் தேடியிருக்கிறாய். அந்தப் பேரினப் பெயரே 1988ல்தான் வந்தது. அதற்கு முன்னால் இதே பாசி `Eucheuma` என்ற பெயரில் இருந்தது, வியாபாரத்தில் இன்றும் `cottonii` என்கிறார்கள். மூன்று பெயரிலும் தேடு. எங்கே, எந்தச் சொல்லால், எந்தத் தேதியில் தேடினாய் என்பதை எக்செல்லில் தனித் தாளில் குறித்து வை. அது இருந்தால்தான் 'உள்ளூர் நிறுவன அறிக்கைகளைப் பார்த்தீர்களா' என்று கேட்கும்போது வாய் திறக்கலாம். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கிளை இருக்கிறது, அதன் பழைய அறிக்கைகளில் பல இணையத் தேடலில் மேலே வருவதே இல்லை.

அட்டவணை முடிந்ததும் அதை அப்படியே அத்தியாயத்தில் கொட்டாதே, பின்னிணைப்பில் வை. முறை வாரியாக வரிசைப்படுத்தி, ஒரு தொகுதிக்கு ஒரு பத்தி எழுது. முதல் பத்தி இப்படி வரலாம்: 'குருசடையில் பாசி படர்ந்தது பண்புசார் கள ஆய்வால் உறுதியாகியுள்ளது, பரவும் வேகத்தை அந்தத் தரவு சொல்லாது.' ஆசிரியர் பெயர் வாக்கியத்தின் தலையில் நிற்காமல் அடைப்புக்குறிக்குள் போய்விட்டதா என்று பார், போயிருந்தால் சரியாக வருகிறது என்று வைத்துக்கொள்.

முழு அட்டவணையும் வேண்டாம், முதல் பத்து வரி ஆனதும் அனுப்பு. மாதக் கட்டத்தில் 'குறிப்பிடப்படவில்லை' என்று வருகிற கட்டுரைகளையும் விடாமல் சேர். அவை நிறைய இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது, இருந்தால் அதற்கே ஒரு பத்தி எழுதலாம். வரும்போது அம்மாவுக்கு மதுரையிலிருந்து அந்த மூட்டுவலித் தைலம் இரண்டு பாட்டில் வாங்கி வா, இங்கே கிடைக்கவில்லை.

அன்புடன்,
மீனா