கணினியின் தேதியை மாற்றிய கிளார்க்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வெளியான வங்கிக் கிளார்க் சிறுகதையைப் படித்தேன். காலையில் கேஷ் கவுண்டரில் வந்து உட்காருகிறவருக்கு டெல்லர் மென்பொருள் திறக்கவில்லை. ஏதோ சான்றிதழ் காலாவதியாகிவிட்டது என்று திரை சொல்கிறது. வரிசை வாசல் வரை நீள்கிறது. மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுப் பென்ஷன் பணம் எடுக்க வந்த பெரியவர் கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கடைசியில் கிளார்க் கணினியின் தேதியை ஒரு நாள் பின்னுக்குத் தள்ளுகிறார். மென்பொருள் திறக்கிறது, வரவுசெலவு நேற்றைய தேதியில் ஏறுகிறது, பெரியவர் பணத்தோடு போகிறார்.

கவுண்டரிலும் அப்புறம் வங்கியின் கணினிப் பிரிவிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கதையின் முக்கால் பங்கு அப்படியே உண்மை. "தம்பி, வெளிய மிஷின்ல பணம் வருதே, உங்கிட்ட மட்டும் ஏன் வரல?" என்று பெரியவர் கேட்பதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஏடிஎம் வேறு வழியாக, வேறு சான்றிதழை வைத்துக்கொண்டு மையக் கணினியிடம் பேசுகிறது. அதனால் அது ஓடும், கவுண்டர் நிற்கும். வரிசையில் நிற்பவருக்கு இதை விளக்கிச் சொல்ல அந்த நேரத்தில் யாராலும் முடியாது. ஆனால் கதையின் முடிவு என்னை உறுத்துகிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு நாளைக்கே செய்து பார்க்கக்கூடும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

இந்தச் சான்றிதழ் என்பது வங்கியின் மையக் கணினி தன்னை அடையாளம் காட்ட வைத்திருக்கும் மின் ஆவணம். கவுண்டர் கணினி ஒவ்வொரு முறை இணைப்பைத் தொடங்கும்போதும் "நீ நம்ம வங்கிச் சர்வர்தானா?" என்று கேட்கும். சர்வர் சான்றிதழை நீட்டும். அதில் சர்வரின் பெயர், சான்றிதழை வழங்கியவர், செல்லுபடியாகும் முதல் தேதி, கடைசித் தேதி எல்லாம் இருக்கும். கடைசித் தேதி இப்படி எழுதப்பட்டிருக்கலாம்:

```
notAfter=Aug 12 23:59:59 2024 GMT
```

இது கிரீன்விச் நேரம். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுவதால், இந்தச் சான்றிதழ் நம் ஊரில் ஆகஸ்ட் 13 காலை 5:29:59 வரை உயிரோடிருக்கும். முந்தின நாள் மாலை கணக்கு முடித்துப் பூட்டிவிட்டுப் போகும்போது எல்லாம் சரியாக இருந்திருக்கும். விடியற்காலையில் அது இறந்துபோகும்போது கிளையில் ஆள் இருக்கமாட்டார்கள். பத்து மணிக்கு எல்லாக் கிளைகளிலும் ஒரே சமயத்தில்தான் தெரியவரும். கதாசிரியர் காலை நேரத்தைத் தேர்ந்தெடுத்தது தற்செயலாக இருந்தாலும் பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

இப்போது அந்தத் தந்திரத்துக்கு வருகிறேன். தேதி கடந்துவிட்டதா என்று பார்ப்பது கவுண்டர் கணினி. அது பார்ப்பது தன்னுடைய கடிகாரத்தை. ஆகவே கடிகாரத்தை நேற்றைக்கு மாற்றினால் சான்றிதழ் மறுபடி செல்லுபடியாகும், மென்பொருள் திறக்கவும் செய்யலாம். ஆசிரியர் இல்லாததைச் சொல்லவில்லை. திறக்கிறது என்பதுதான் இதில் ஆபத்தே.

நான் கணினிப் பிரிவில் இருந்தபோது இதே போல ஒரு காலை எங்களுக்கும் வந்தது. பத்து மணியிலிருந்து ஹெல்ப்டெஸ்க் போன் ஓயவில்லை. எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "சிஸ்டம் வரல." எங்கள் கண்காணிப்புத் திரையில் எல்லாம் பச்சை. சர்வர் ஓடிக்கொண்டிருந்தது, லைனும் நன்றாக இருந்தது, கிளையிலிருந்து பிங் செய்தால் பதிலும் வந்தது. அந்தத் திரை சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்ததே தவிர, அது நீட்டும் சான்றிதழை யாரும் ஏற்கிறார்களா என்று பார்க்கவில்லை. லைன் நிறுவனத்தை எழுப்பினோம். கிளைகளில் ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னோம். நேரம் வீணானது. அப்போது ஒரு சிறிய கிளையிலிருந்து ஓர் அம்மா பேசினார். "சார், திரையில இருக்கிறதை அப்படியே வாசிக்கிறேன், எழுதிக்கோங்க" என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்: `NET::ERR_CERT_DATE_INVALID`. டெல்லர் மென்பொருள் உலாவிக்குள் ஓடுவது; சான்றிதழின் தேதி செல்லாது என்று அந்த உலாவி சொல்கிற வரி அது. அப்புறம்தான் எங்களுக்கு வெளிச்சம் வந்தது.

புதிய சான்றிதழ் வாங்க அரைநாள்கூடப் பிடிக்காது. அவசரம் என்றால் சீக்கிரம் முடிந்துவிடும். அதைப் போடுவதில்தான் தவறு நடக்கிறது. கவுண்டர்களின் சுமையை நான்கு சர்வர்கள் பகிர்ந்துகொண்டிருந்தன. மூன்றில் புதியதைப் போட்டுச் சேவையை மறுதொடக்கம் செய்தார்கள். நான்காவதில் கோப்பை மட்டும் மாற்றினார்கள், மறுதொடக்கம் செய்யவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் நிரல் பழைய சான்றிதழையே நினைவில் வைத்துக்கொண்டு நீட்டும். ஆகவே சில கவுண்டர்களில் ஒரு தடவை திறக்கும், அடுத்த தடவை திறக்காது. "சில சமயம் வருது, சில சமயம் வரல" என்று கிளைகள் சொன்னால், வரிசையில் ஏதோ ஒரு சர்வர் பின்தங்கியிருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

அதையும் சரிசெய்தோம். எல்லாக் கிளைகளும் வேலை செய்யத் தொடங்கின, ஒன்றைத் தவிர. அங்கே மட்டும் அதே செய்தி. மறுபடி சர்வர்களைத் துருவினோம், ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் ஒருவர் கேட்டார்: "உங்க கம்ப்யூட்டர்ல இன்னிக்கு என்ன தேதி காட்டுது?" நேற்றைய தேதி காட்டியது.

நடந்தது இதுதான். வழக்கமாகக் கிளை ஊழியருக்குத் தேதியை மாற்றும் உரிமை கிடையாது. ஆனால் பராமரிப்புக்கு வருகிற ஆளிடம் அட்மின் கடவுச்சொல் இருந்தது. கூட்டத்தைப் பார்த்துப் பொறுக்காமல் அவர் மாற்றிவிட்டார். கொஞ்ச நேரம் ஓடியது. சான்றிதழுக்குக் கடைசித் தேதி இருப்பது போலவே முதல் தேதியும் உண்டு என்று சொன்னேன் அல்லவா? புதிய சான்றிதழின் முதல் தேதி இன்று. அந்தக் கணினிக்கோ இன்னும் நேற்று. அதன் கணக்கில் புதிய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. காலாவதியானாலும், இன்னும் தொடங்காவிட்டாலும் உலாவி காட்டுவது அதே வரிதான். ஊரெல்லாம் சரியான பிறகும் அந்த ஒரு கிளையில் மக்கள் காத்துக்கொண்டிருந்தார்கள்.

கதையில் வரும் பெரியவருக்குப் பணம் கிடைத்ததை நானும் விரும்புகிறேன். ஆனால் அடுத்து வருகிறவருக்கு என்ன ஆகும்? கணக்கில் பதிவாகும் தேதியை மையக் கணினிதான் போடுகிறது. அதனால் கதை சொல்வது போல வரவுசெலவு நேற்றைய தேதியில் ஏறிவிடாது. ஆனால் கவுண்டர் கணினி தானே அச்சடிக்கும் ரசீதில் நேற்றைய தேதி விழக்கூடும். கணக்கில் ஒரு தேதி, வாடிக்கையாளர் கையில் வேறு தேதி. பின்னாளில் தகராறு வந்தால் கவுண்டரில் இருந்தவர்தான் பதில் சொல்ல வேண்டும். வங்கியின் கணினிகளையும் லாகின்களையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் விண்டோஸ் டொமைனில் இணைந்த கணினி என்றால் வேறு தொல்லையும் உண்டு. அங்கே லாகின் சரிபார்ப்பு இயல்பான அமைப்பில் 5 நிமிடத்துக்கு மேல் நேர வித்தியாசத்தை ஏற்காது. ஒரு நாள் என்பது எங்கேயோ இருக்கிறது. இதையெல்லாம்விட என்னைப் பயமுறுத்துவது ஒன்று: கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளினால், அந்தக் கணினியின் கண்ணுக்கு இடைப்பட்ட நேரத்தில் காலாவதியான எல்லாச் சான்றிதழ்களும் உயிர்பெறும். நமக்கு வேண்டிய ஒன்று மட்டும் அல்ல.

சரி, கிளார்க் என்னதான் செய்ய முடியும்? முதலில் பக்கத்துக் கவுண்டரைப் பார்க்க வேண்டும். தன் கணினியில் மட்டும் இந்தச் செய்தி என்றால் பெரும்பாலும் கடிகாரக் கோளாறு. தாய்ப்பலகையில் இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்துபோனால், அணைத்துப் போடும்போது தேதி பல வருடம் பின்னால் போய்விடும். எல்லாக் கவுண்டரிலும் என்றால் கோளாறு சர்வர் பக்கம். அப்போது முகவரிப் பட்டையில் எச்சரிக்கைக் குறியைச் சொடுக்கிச் சான்றிதழைத் திறந்து, யார் பெயருக்கு, எந்தத் தேதி வரை என்று படித்துத் தலைமையகத்துக்குச் சொல்ல வேண்டும். அந்த அம்மா செய்தது இதில் பாதிதான், அதுவே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. இதற்கு மேல் சரிசெய்யக் கிளையில் எதுவும் இல்லை. பணம் கட்ட வந்தவர்களிடம், மேலாளர் அனுமதித்தால், சலானில் முத்திரை போட்டு வாங்கி வைத்துப் பிறகு பதியலாம். பணம் கொடுப்பது வேறு விஷயம். பாஸ்புக்கில் இருக்கும் இருப்பை நம்பிக் கொடுக்க முடியாது, நேற்று இரவே ஏடிஎம்மிலோ யுபிஐயிலோ எடுத்திருக்கலாம்.

இப்படி நிற்பது நம் வங்கிகளில் மட்டும் நடப்பதல்ல. 2018 டிசம்பர் 6 அன்று பிரிட்டனில் ஓ2, ஜப்பானில் சாஃப்ட்பேங்க் என இரண்டு பெரிய மொபைல் நிறுவனங்களின் சேவை ஒரே நாளில் நின்றது. அவர்களுக்குக் கருவிகள் கொடுத்த எரிக்சன், தன் மென்பொருளில் இருந்த ஒரு சான்றிதழ் காலாவதியானதே முக்கியக் காரணம் என்று சொன்னது. இனி இது இன்னும் அடிக்கடி வரக்கூடிய சூழல். இணையத்தில் பொதுவாக ஏற்கப்படும் சான்றிதழ்களின் ஆயுள் 398 நாளாக இருந்தது. 2026 மார்ச் 15 முதல் 200 நாள், அடுத்த ஆண்டு அதே தேதியிலிருந்து 100 நாள், 2029இல் 47 நாள் எனக் குறைக்க உலாவி நிறுவனங்களும் சான்றிதழ் வழங்குநர்களும் 2025 ஏப்ரலில் வாக்களித்து முடிவு செய்தார்கள். வங்கி தனக்குள்ளேயே வழங்கிக்கொள்ளும் சான்றிதழ்களை இது கட்டுப்படுத்தாது. மற்றவற்றை வருடத்துக்கு ஒருமுறை ஒருவர் நினைவு வைத்துப் புதுப்பித்த காலம் முடிந்தது. அந்த ஒருவர் இடமாற்றலாகிப் போனதும், நினைவூட்டல் மின்னஞ்சல் அவருடைய பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருந்ததும்தான் எங்கள் வங்கியில் நடந்தது. புதுப்பிப்பதைத் தானியங்கியாக்க வேண்டும், நினைவூட்டலைத் தனி ஆளுக்கு அனுப்பாமல் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். இதைச் செய்யாத நிர்வாகத்தின் கோளாறுக்குக் கவுண்டரில் இருப்பவர் திட்டு வாங்குவதைக் கதாசிரியர் மனதைத் தொடும்படி எழுதியிருக்கிறார்.

அவருக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். இந்தக் கதை தொகுப்பாக வரும்போது, கிளார்க்கின் கையைத் தேதிப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். அவர் சான்றிதழைத் திறந்து அதிலிருக்கும் தேதியைப் போனில் வாசிக்கட்டும். பெரியவரைப் பக்கத்து ஏடிஎம்முக்குக் கூட்டிக்கொண்டு போக ஒரு சக ஊழியரை அனுப்பட்டும்; கார்டு இல்லையென்றால் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு மேலாளர் பேசட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்,
திருச்சி