அவசரத்துக்கு யாரை அழைப்பது? பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கும் மருத்துவமனை நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். 'அவசரத் தொடர்பு எண்' என்ற கட்டத்தை நானும் நிரப்பித் தந்திருக்கிறேன். பிறர் நிரப்பித் தந்த எண்ணைப் பார்த்து நள்ளிரவில் அழைத்தும் இருக்கிறேன். அந்தக் கட்டம் இன்று இருக்கும் நிலையில் அவசரத்துக்கு உதவுவதில்லை. அதை மாற்றுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், நான்காம் வகுப்புச் சிறுவன் ஒருவனை அவனுடைய ஆசிரியை ஆட்டோவில் அழைத்து வந்தார். மதிய உணவு முடிந்து விளையாடும்போது திண்ணையிலிருந்து கையூன்றி விழுந்திருக்கிறான். முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிவு. பிள்ளைகளுக்கு அடிக்கடி வருவதுதான், ஆனால் அலட்சியமாக விடக்கூடியது அல்ல. முறிந்த எலும்பின் முனை ரத்தக்குழாயை அழுத்தினால் விரல்கள் வெளுக்கும், மணிக்கட்டில் நாடி மங்கும். அப்படி ஆனால் உடனே அறுவை அரங்குக்குக் கொண்டுபோக வேண்டும். அதனால் நாங்கள் திரும்பத் திரும்ப நாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

மருத்துவர் கேட்டவை மூன்றே கேள்விகள். எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா? வலிப்பு வந்ததுண்டா? கடைசியாக எப்போது சாப்பிட்டான்? மயக்க மருந்து கொடுப்பதற்கு இவை மூன்றும் தெரிந்தாக வேண்டும். மூன்றாவது கேள்விக்கு ஆசிரியையால் பதில் சொல்ல முடிந்தது. முதல் இரண்டுக்கு முடியவில்லை.

பள்ளிப் படிவத்தில் இரண்டு எண்கள் இருந்தன. அப்பா தனியார் பேருந்து ஓட்டுநர். வண்டி ஓட்டும்போது போனை எடுப்பதில்லை, எடுக்கவும் கூடாது. அம்மா பனியன் கம்பெனியில் தையல் வேலை. காலையில் கேட்டில் ஒப்படைக்கும் போன் மாலையில்தான் கைக்கு வரும். இரண்டு எண்களும் சரியான எண்கள்தான். ஆனால் பையன் பள்ளியில் இருக்கும் நேரம் முழுவதும் இரண்டுமே எடுக்கப்படாத எண்கள். கடைசியில் வேறோர் ஆசிரியர் ஸ்கூட்டரில் கம்பெனி கேட் வரை போய், காவலாளியிடம் சொல்லி அம்மாவை அழைத்து வந்தார். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. நல்லவேளை, நாடி கெடவில்லை. கை நன்றாகக் கூடிவிட்டது.

அந்த இரண்டு மணி நேரமும் பையன் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தான்: பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளிப் பெரியம்மா வீடு இருக்கிறது, பெரியம்மா எப்போதும் வீட்டில்தான் இருப்பார். எண் மட்டும் அவனுக்குத் தெரியவில்லை.

அவர் வந்திருந்தால் அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்துப் போட்டிருக்க முடியாதுதான். ஆனால் மருந்து ஒவ்வாமை பற்றிச் சொல்லியிருப்பார், பையனின் தலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், கம்பெனி கேட்டுக்கு ஆளும் அனுப்பியிருப்பார். போனை எடுப்பவர், ஓடி வந்து பக்கத்தில் நிற்பவர், முடிவு சொல்லிக் கையெழுத்துப் போடுபவர் என்று அவசர நேரத்தில் மூன்று வேலைகள் இருக்கின்றன. சில வீடுகளில் மூன்றையும் ஒருவரே செய்துவிடுவார். பெரும்பாலான வீடுகளில் அப்படி இல்லை. நம் படிவமோ ஒரே கட்டத்தை நீட்டி 'எண்' என்று கேட்கிறது. பெற்றோரும் மரியாதையை நினைத்து அப்பாவின் எண்ணை எழுதிவிடுகிறார்கள்.

கையெழுத்தைப் பற்றி ஒரு சொல். உயிருக்கு ஆபத்து, ஒப்புதல் வாங்க ஆளும் இல்லை, வாங்க நேரமும் இல்லை என்றால், நல்லெண்ணத்துடன் சிகிச்சை செய்யும் மருத்துவருக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-வது பிரிவு பாதுகாப்புத் தருகிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 92-வது பிரிவாக இருந்தது. ஆனால் பள்ளியில் நடக்கும் விபத்துகளில் பெரும்பாலானவை அந்த அளவுக்குப் போவதில்லை. தையல் போட வேண்டும், எலும்பைச் சேர்க்க வேண்டும், உயிர் மட்டும் ஊசலாடவில்லை என்ற நடுநிலையில்தான் பெற்றோரின் ஒப்புதலுக்காகக் காத்திருக்க நேர்கிறது. கையெழுத்துப் போட வேண்டியவர் போனிலாவது கிடைத்தால் மருத்துவர் நிலைமையை விளக்கிப் பேசலாம்.

ஆகவே தலைமையாசிரியர்களே, பெற்றோரிடம் எண்ணைக் கேட்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: காலை பதினொரு மணிக்கு இந்தப் போன் யார் கையில் இருக்கும்? ஆலையில் வேலை என்றால் கேட்டின் எண்ணையோ மேற்பார்வையாளரின் எண்ணையோ வாங்குங்கள். அடுத்து, அரை மணி நேரத்துக்குள் பள்ளிக்கு வரக்கூடியவர் யார் என்று கேளுங்கள். அது பெரியம்மாவாக இருக்கலாம், எதிர்வீட்டுக்காரராக இருக்கலாம், தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருப்பவராகக்கூட இருக்கலாம். துபாயில் இருக்கும் சித்தப்பா எவ்வளவு பாசமானவராக இருந்தாலும் அந்த வரிசையில் வர மாட்டார். பிள்ளையை நிரந்தரமாக யாரிடம் ஒப்படைக்கலாம், யாரிடம் ஒப்படைக்கக் கூடாது என்பது வேறு கேள்வி. பெற்றோர் பிரிந்து வாழும் வீடுகளில் இந்த இரண்டையும் ஒரே கட்டத்தில் அடைப்பது ஆபத்து. அதற்குத் தனி வரி வேண்டும்.

பாட்டியை எழுதலாமா என்று பல தாய்மார்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். காது நன்றாகக் கேட்டு, தனியாக ஆட்டோ ஏறி வரக்கூடியவர் என்றால் தாராளமாக எழுதலாம். செய்தி கேட்டதும் படபடத்து விழுந்துவிடுவார் என்றால் வேண்டாம். அவசரத்தில் இரண்டாவது நோயாளி ஒருவர் உருவாவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இனி மருத்துவமனை நிர்வாகிகளுக்கு. எங்கள் வார்டில் ஓர் இரவு, இரண்டரை மணி இருக்கும். வயிற்று அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு நாளான ஒரு பெரியவருக்கு ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்ற வேண்டும், ரத்தம் ஏற்பாடு செய்ய வேண்டும். அட்டெண்டராக இருந்த மகன் குளித்து உடை மாற்றி வர வீட்டுக்குப் போயிருந்தார். கேஸ் ஷீட்டில் இருந்த எண்ணை அழைத்தேன். அவர் தலையணைக்கு அடியிலிருந்து மணி ஒலித்தது. அட்மிஷனில் எண் கேட்டபோது நோயாளி தன் எண்ணையே சொல்லியிருக்கிறார், எழுதியவரும் அப்படியே எழுதிக்கொண்டார். அந்த மணியோசையை நான் இன்னும் மறக்கவில்லை. அதன் பிறகு அவருடைய போனைத் திறக்க முயன்றோம், பூட்டு போட்டிருந்தது. பக்கத்துப் படுக்கைக்காரரின் மருமகள், பெரியவரின் மகன் அன்று மாலை தன்னிடமிருந்து கைமாற்று வாங்கும்போது எண் கொடுத்ததாகச் சொல்லித் தேடி எடுத்துத் தந்தார்.

கவுண்டரில் இருப்பவர் இரண்டே காரியம் செய்தால் போதும். சொல்லப்பட்ட எண்ணுக்கு அங்கேயே ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். மணி நோயாளியின் பையிலிருந்து வந்தால் அந்த எண் வேண்டாம். எதிரே நிற்கும் அட்டெண்டரின் சட்டைப்பையிலிருந்து வந்தால் அதை எழுதிக்கொண்டு, இந்த வளாகத்தில் இல்லாத இன்னொருவரின் எண்ணையும் கேட்க வேண்டும். கணவனும் மனைவியும் ஒரே பைக்கில் வந்து விழுந்த நாட்களில் ஒருவருக்கு மற்றவர் எண் இருந்து பயனில்லாமல் போனதை விபத்துப் பிரிவில் இருப்பவர்கள் எல்லாரும் அறிவார்கள். உறவுமுறையில் 'அண்ணன்' என்று மட்டும் எழுதாமல் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். இரவில் போனை எடுப்பவரிடம் யாருடைய அண்ணன் என்று விளக்கிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

இன்னொன்று, மாற்றுவது உங்கள் கையில்தான் இருக்கிறது. வார்டிலிருந்து நாங்கள் அழைக்கும்போது வெளியே தெரிவது முன்பின் அறியாத ஒரு எண். கடன் வேண்டுமா என்று கேட்கும் அழைப்புகளால் நொந்துபோன மக்கள் அதை எடுப்பதில்லை. திருப்பி அழைத்தாலோ, முன்பதிவுக்கு ஒன்றை அழுத்தவும் என்ற குரல்தான் வருகிறது. அட்மிஷன் சீட்டிலேயே வார்டின் நேரடி எண்ணை அச்சிட்டுக் கொடுங்கள். தொடர்பாளர் அதைத் தன் போனில் பெயரோடு சேமித்துக்கொள்ளட்டும். முதல் முறை எடுக்காவிட்டால், அழைப்பவர்கள் உடனே மறுபடி அழைக்க வேண்டும். தொந்தரவு வேண்டாம் என்று அமைத்துவைத்த போன்களிலும், மீண்டும் வரும் அழைப்பை மட்டும் ஒலிக்கவிடும் ஏற்பாடு உண்டு: ஐபோனில் அது மூன்று நிமிடத்துக்குள், ஆண்ட்ராய்டில் பதினைந்து நிமிடத்துக்குள் வர வேண்டும். அரை மணி கழித்துப் பொறுமையாக அழைத்தால் அந்தக் கதவு திறக்காது.

தொடர்பாளர் என்பவர் முடிவெடுப்பவர் அல்ல என்பதையும் அட்மிஷனில் விளக்கிச் சொல்லுங்கள். நினைவோடு இருக்கும் வயதுவந்த நோயாளியின் ஒப்புதல் அவருடையது மட்டுமே. அறுவை அரங்கில் மயக்கத்தில் இருந்த பெண்ணுக்காக அவருடைய தாயிடம் வாங்கிய ஒப்புதல், உயிர் காக்கும் அவசரம் இல்லாத நிலையில் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சமீரா கோலி வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. பெங்களூரிலிருக்கும் மூத்த மகனின் எண்ணை எழுதியதால் அம்மாவைக் கேட்காமல் அவரிடமே எல்லாம் பேசுவது சரியல்ல.

பழைய எண்களைப் பற்றியும் யோசியுங்கள். துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாட்கள் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம் என்பதே இங்குள்ள விதி. முதல் வகுப்பில் எழுதிய எண்ணை ஐந்தாம் வகுப்பில் அழைத்தால், யாரோ ஓர் அந்நியரிடம் பிள்ளையின் நிலையைச் சொல்லிவிடக்கூடும். ஒவ்வொரு ஜூன் மாதமும் படிவத்தைப் புதிதாக வாங்குங்கள். எழுதப்பட்டவருக்குத் தன் பெயர் அங்கே இருப்பது தெரியுமா என்றும் கேளுங்கள்.

இந்த ஆண்டு என் பெண்ணின் படிவத்தில் முதல் எண்ணாக என் எண்ணை எழுதவில்லை. பணி நேரத்தில் என் போன் லாக்கரில் இருக்கும். தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்காவிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகு, அவருடைய எண்ணை முதலில் எழுதினேன். அவளுக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தேன். தையல் இயந்திரத்தின் இழுப்பறையில் வைத்திருக்கிறார். என் வார்டின் நேரடி எண் இரண்டாவது. மூன்றாவதாக அவளுடைய அப்பா. இதைப் படிவத்தின் ஓரத்தில் நுணுக்கி எழுத வேண்டியிருந்தது, கட்டம் ஒன்றுதான் இருந்தது. அடுத்த ஜூனில் அச்சிடும்போது மூன்றாக்கித் தாருங்கள்.

இப்படிக்கு,
கோவையிலிருந்து ஒரு செவிலியர்